ஊசியில் நூல் கோக்க முடியாத காலைகள்

நான் 22 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறேன். எனக்கு 47 வயதாகிறது. ஊசியில் நூல் கோப்பதை ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை; பேசிக்கொண்டே கை தானாகச் செய்துவிடும். ஒரு நாள் காலை 6 மணிக்கு ஊசியை எடுத்தபோது, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதைப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கவில்லை. ஊசி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால், தரையிலிருந்து அதைக் கிள்ளி எடுக்கவும் முடியவில்லை. இரண்டு கைகளையும் மடக்கிப் பார்த்தேன். விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஒரு சுற்று இறுக்கமான துணியை விரல்மேல் சுற்றித் தைத்துவிட்டது போல இருந்தது.

இரவு கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருப்பேன் என்று நினைத்தேன். 8 மணிக்குள் கை சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மறுநாள் அதே கதை. ஒரு வாரத்தில் மோதிரம் காலையில் கழற்ற வராது, மாலையில் வரும் என்ற நிலை வந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். அங்கே நான் செய்த முதல் தவறு ஒரு சொல்லில் இருந்தது. "காலையில் கை மரத்துப்போகிறது" என்று சொன்னேன். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். மரத்துப்போவது என்றால் தொட்டால் தெரியாது, ஊசி குத்தினாலும் உறைக்காது. அது நரம்பின் சங்கதி. எனக்கு இருந்தது அதுவல்ல. தொட்டால் நன்றாகத் தெரிந்தது, விரல்தான் மடங்கவில்லை. அதற்குச் சரியான சொல் விறைப்பு. இந்த ஒரு சொல் மாறியதால், பேச்சின் முதல் பாதி கழுத்து எலும்பையும் மணிக்கட்டு நரம்பையும் பற்றியே போயிற்று. மருத்துவரிடம் போகிறவர்கள் "மடக்க முடியவில்லை, தொட்டால் தெரிகிறது" என்று விரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு கைகளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலமும், முடக்குவாதம் உண்டா என்று அறிய ஆர்.ஏ. ஃபேக்டரும் பார்த்தார்கள். யூரிக் அமிலம் அளவோடு இருந்தது. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். எக்ஸ்ரேயில் வலது கட்டைவிரலின் அடி மூட்டில் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்திருந்தது. ஆட்காட்டி விரலின் நுனி மூட்டிலும் கொஞ்சம். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுதான். 20 வருடம் கத்தரிக்கோல் பிடித்த கை. தேய்மானம். வாதம் இல்லை என்று ரத்தமும் சொல்லிவிட்டது" என்றார். ஒரு மாதத்துக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. என் கட்டைவிரலில் தேய்மானம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் காலையில் என் கையை முடக்கியது அது அல்ல. ஒரே கையில் இரண்டு நோய்கள் குடியிருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிந்த ஒன்றின் மேல், தெரியாத இன்னொன்றின் பழியும் சேர்த்துப் போடப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் பல வாரங்கள் ஆயின. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த வாரங்களுக்காகத்தான்.

சந்தேகம் வந்தது என் அக்காவின் கையைப் பார்த்தபோது. அவளுக்கு 61 வயது. விரல் தேய்மானம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே உறுதியானது. நானும் அதே நோய்க்காரி என்று எண்ணி, இருவரும் கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே நோய் பிடித்த கைகள் மாதிரியே இல்லை.

ஒவ்வொரு விரலுக்கும் மூன்று இடங்களில் மடிப்பு இருக்கிறது. நகத்துக்குக் கீழே இருப்பதை நுனிக்கணு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்தது நடுக்கணு. கையை முட்டியாக மடக்கும்போது புறங்கையில் மேடாக எழுவது அடிக்கணு. அக்காவுக்குப் புடைத்திருந்தவை நுனிக்கணுக்கள், நடுக்கணுவில் ஒன்றிரண்டு, அதோடு கட்டைவிரலின் அடி. எனக்கு நுனிக்கணுக்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடிக்கணுக்களும், நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நடுக்கணுக்களும் வீங்கியிருந்தன. அதுவும் இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முட்டியாக மடக்கினால் அக்காவின் புறங்கையில் மேடு, பள்ளம், மேடு என்று வரிசை தெளிவாகத் தெரிந்தது. என் கையில் அந்தப் பள்ளங்கள் தூர்ந்துபோயிருந்தன.

தொட்டுப் பார்த்ததில் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. அக்காவின் புடைப்பு கல் போல இருந்தது. அழுத்தினால் உள்ளே போகாது. அது எலும்பு. மூட்டின் குருத்தெலும்பு தேயும்போது ஓரங்களில் எலும்பு புதிதாக வளர்ந்து மேடு கட்டுகிறது. என் வீக்கம் நனைந்த பஞ்சைத் துணிக்குள் வைத்துத் தைத்தது போல மெத்தென்று இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், வலிக்கும், கொஞ்சம் சூடாகவும் இருக்கும். அது எலும்பு இல்லை. மூட்டின் உள்ளே சுற்றிலும் சினோவியம் என்ற மெல்லிய சவ்வு உறை போட்டிருக்கிறது. மூட்டுக்கு எண்ணெய் போல ஒரு திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. அந்தச் சவ்வு அழற்சி கண்டு தடித்து, திரவத்தை மிகையாகச் சுரந்தால் இந்த மெத்தென்ற வீக்கம் வரும்.

"காலையில் உனக்கு எவ்வளவு நேரம்?" என்று அக்காவைக் கேட்டேன். "எழுந்து முகம் கழுவுவதற்குள் சரியாகிவிடும். பத்து நிமிடம் இருக்குமா? எனக்கு வலியே வேலை முடிந்த பிறகுதான். சாயங்காலம் துணி பிழிந்தால் அன்று ராத்திரி தெரியும்" என்றாள். எனக்கு நேர் எதிர். சும்மா இருந்தால் மோசம், வேலை செய்யச் செய்ய இளகும். தூங்கி எழுந்த நேரம்தான் நாளிலேயே கெட்ட நேரம்.

வலி மாத்திரை முடிந்தபோது எட்டாவது வாரம் நெருங்கியிருந்தது. மாத்திரை போட்ட நாட்களில் வலி குறைந்தது, காலை விறைப்பு 20 நிமிடம் முன்னதாக விட்டது, அவ்வளவுதான். வீக்கம் அப்படியே இருந்தது. மூட்டுவாத நோய்களுக்கென்றே இருக்கும் நிபுணர் ஒருவரிடம் நேரம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இரண்டு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பேடு வைத்தேன். நான் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டால் நம்மால் சரியாகச் சொல்ல முடியாது. "ரொம்ப நேரம்" என்போம், அல்லது "நாள் முழுக்க" என்போம். வலியையும் விறைப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு செயலை அளவுகோலாக வைத்தேன். எழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்வது. பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை அதே ஊசி, அதே நூல். முதல் முறை எடுத்ததும் கோக்க முடிந்த நேரத்தை எழுதுவது. அன்று என் கை எவ்வளவு இளகுமோ அவ்வளவு இளகிய நேரமாக அதை எடுத்துக்கொண்டேன். தையல் தெரியாதவர்கள் சட்டைப் பொத்தான் போடுவதையோ முட்டியை முழுதாக மடக்குவதையோ வைத்துக்கொள்ளலாம். எழுந்த உடனே வெந்நீரில் கையை வைத்தால் கணக்கு மாறிவிடும் என்பதால், குளிப்பதை அதற்குப் பின்னால் தள்ளினேன்.

14 நாட்களில் மிகக் குறைந்தது 1 மணி 10 நிமிடம். மிக அதிகம் 2 மணிக்குச் சற்று மேல். பெரும்பாலான நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில். இன்னொரு பத்தியில் மாலை வலியை எழுதினேன். அதில்தான் எனக்கே தெரியாத ஒன்று வெளிவந்தது. மாலையில் வலித்தது கட்டைவிரலின் அடி மட்டும்தான், அதுவும் 3 மணி நேரத்துக்கு மேல் வெட்டியும் தைத்தும் முடித்த நாட்களில் மட்டும். காலையில் முரண்டு பிடித்த கணுக்கள் மாலையில் பேசாமல் இருந்தன. இரண்டு நோய்களும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

கையைக் காலையில் படமும் எடுத்தேன். மருத்துவர் பார்க்கப்போவது பிற்பகலில். அதற்குள் வீக்கம் பாதியாகிவிடும். முட்டி மடக்கியபடி ஒரு படம், விரல்களை விரித்தபடி ஒரு படம், எழுந்த பத்து நிமிடத்துக்குள். மூன்று நாட்கள் எடுத்தால் போதும்.

அந்த நிபுணர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கினார், பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் ஒவ்வொரு கணுவையும் நான்கு பக்கமும் வைத்து அழுத்தினார். பிறகு கைகுலுக்குவது போலப் பிடித்து, நான்கு அடிக்கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து ஒரு நெருக்கு நெருக்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்துக் காலணியைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடத்தை அதே போல நெருக்கினார். அங்கேயும் வலித்தது. பாதம் வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. காலையில் முதல் சில அடிகள் கூழாங்கல் மேல் நடப்பது போல இருப்பதைச் செருப்பின் குற்றமாகவே நினைத்திருந்தேன்.

நகங்களைத் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பின்னாலும் தலையோரத்திலும் தோலைப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டு அழற்சியில் நுனிக்கணுவும் வீங்கலாம், ஒரு விரல் முழுதுமே தடித்துப்போகலாம், நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருக்கலாம் என்றார். ஆகவே நுனிக்கணு வீங்கினாலே தேய்மானம்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டார். சிக்குன்குனியா போன்ற வைரஸ் காய்ச்சல்களும் இதே போலச் சிறு மூட்டுகளை வீங்கவைக்கும். பல வைரஸ்களில் சில வாரங்களில் அது அடங்கிவிடும் என்பதால்தான் வீக்கம் 6 வாரம் நீடித்ததா என்ற கணக்கை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சிக்குன்குனியாவில் மட்டும் மாதக்கணக்கில் இழுக்கலாம்.

குறிப்பேட்டைக் கொடுத்தேன். முழுதும் படித்தார். "இந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு முக்கியம். ஆனால் இதை மட்டும் வைத்து நான் பெயர் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். 1987-இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் முடக்குவாதத்துக்கு வகுத்த அளவுகோலில், குறைந்தது ஒரு மணி நேரக் காலை விறைப்பு 6 வாரம் இருப்பது ஓர் அம்சமாக இருந்தது. 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து அதைத் திருத்தியபோது விறைப்புக்குத் தனி மதிப்பெண் இல்லாமல் போயிற்று. எத்தனை மூட்டுகள், எந்த மூட்டுகள், ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா, அழற்சி அளவு கூடியிருக்கிறதா, 6 வாரம் ஆயிற்றா என்பவற்றை எண்ணுகிறார்கள். மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்த வீக்கம் ஒரு மூட்டிலாவது இருந்தால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். நோயின் தொடக்கத்தில் சிலருக்கு விறைப்பு அரை மணி நேரத்தோடு நின்றுவிடலாம். தேய்மானத்திலும் சிலருக்கு மூட்டு அழற்சி கண்டு நேரம் நீளலாம். ஆகவே ஒரு மணி நேரம் என்பது கதவைத் தட்டும் ஓசை. யார் தட்டுகிறார்கள் என்பதைக் கணுக்களைத் தொட்டுத்தான் சொல்ல முடியும்.

ஏன் காலையில் மட்டும் என்று கேட்டேன், அது என்னை வெகுநாட்களாகக் குடைந்த கேள்வி. அழற்சியைத் தூண்டும் பொருட்கள், குறிப்பாக இன்டர்லூகின்-6 என்பது, இரவின் பின்பகுதியில் உடலில் கூடி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகின்றன. அழற்சியை அடக்கும் நம் சொந்த ஹார்மோனான கார்டிசால் நள்ளிரவு வாக்கில்தான் மிகக் குறைவாக இருக்கிறது. அது ஏறி வருவதற்குள் மூட்டு வீங்கிவிடுகிறது. அதோடு, அசையாமல் படுத்திருக்கும்போது மூட்டைச் சுற்றித் தேங்கும் நீர் வடிய வழியில்லை. எழுந்து கையை அசைக்கத் தொடங்கிய பிறகே அது மெல்ல வடிகிறது. தேய்மானத்திலும் அசையாமல் இருந்தபின் மூட்டு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், ஆனால் நாலு முறை மடக்கி நீட்டினால் விட்டுவிடும். அங்கே வடிய வேண்டியது அதிகமில்லை.

மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 42 என்று கூடியிருந்தது. அதே போன்ற இன்னொரு சோதனையான சி.ஆர்.பி.யும் கூடியிருந்தது. ஆர்.ஏ. ஃபேக்டர் இந்த முறையும் நெகட்டிவ். ஆனால் முடக்குவாதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை மிக உயர்ந்த அளவில் பாசிட்டிவாக வந்தது. அந்தச் சோதனையை முதல் முறை யாரும் கேட்கவில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிடுகிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும்; மறுபக்கம், நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்கும், ஹெபடைடிஸ் சி போன்ற வேறு நோய் உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரும். ஆன்டி சி.சி.பி. அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது, ஆனால் அதுவும் நெகட்டிவாக இருக்கும் நோயாளிகள் உண்டு. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அளவோடு இருந்துகொண்டே மூட்டு வீங்கியிருப்பவர்களும் உண்டு. ரத்தத்தில் இல்லை என்று சொல்லி, கண்முன் வீங்கியிருக்கும் கணுவை இல்லை என்று ஆக்கிவிட முடியாது.

பிறகு அல்ட்ராசவுண்ட். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தடித்த சவ்வைக் காட்டாது. நோய் தொடங்கிய முதல் மாதங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். திரையில் என் நடுவிரலின் அடிக்கணுவைக் காட்டினார்கள். எலும்புக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு, அதன் உள்ளே சிவப்புப் புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன. தடித்த சவ்வில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதன் அடையாளம் அது. பக்கத்தில் எலும்பின் ஓரம் இன்னும் வழவழப்பாக, உடையாமல் இருந்தது. குருத்தெலும்பு மூடாத அந்த ஓரத்தைத்தான் இந்தச் சவ்வு முதலில் அரிக்கத் தொடங்கும், அரித்த எலும்பு திரும்ப வராது என்றார் மருத்துவர். "இன்னும் அரிக்கவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார். அப்போது 11-ஆவது வாரம் முடியும் தறுவாயில் இருந்தது. முதல் 3 மாதங்களுக்குள் நோயின் போக்கை மாற்றும் மருந்தைத் தொடங்கிவிட்டால் பலன் மிகவும் நன்றாக இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வலி மாத்திரையோடு நான் கழித்த ஒரு மாதத்தை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வலி மாத்திரை வலியைக் குறைக்கும்; அரிப்பதை நிறுத்தாது.

முடக்குவாதம் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பக்கவாதம் போலக் கைகால் விழுந்துவிடும் என்று அம்மா அழுதார். இரண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. ஒன்று மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுவது அல்லது அங்கே ரத்தக்குழாய் வெடிப்பது. மற்றது உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுச் சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குவது. தையலால் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லை. உழைப்பால் வருவதல்ல இது.

நோயின் போக்கை மாற்றும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்கினார்கள். அதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. எனக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும். மருத்துவர் சீட்டில் கிழமையைப் பெயர் சொல்லி எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அப்படியிருந்தும் வீட்டில் மாத்திரைப் பெட்டியை நிரப்பியவர்கள் தினமும் ஒரு வேளை என்று ஏழு அறைகளிலும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிடும், வாய் முழுக்கப் புண்ணாகும், உயிரே போகலாம். அன்றிலிருந்து அந்த அட்டை தனி டப்பாவில், மேலே கிழமை எழுதி, என் கையில் மட்டும். பக்கவிளைவு குறைய ஃபோலிக் அமிலம் வேறொரு கிழமையில். முதல் மாதங்களில் ரத்த அணுக்களும் கல்லீரலும் அடிக்கடி சோதிக்கப்பட்டன, பிறகு இடைவெளி கூடியது. கருத்தரிக்கும் வாய்ப்பு உள்ள பெண்கள் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், கருவுக்கு அது கேடு. மதுப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், அதுவரை தாங்குவதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்து, சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு போட்ட மூன்றாவது நாளே நான் 25 நிமிடத்தில் நூல் கோத்தேன். குணமாகிவிட்டது என்று ஆனந்தப்பட்டேன். அது நோய் போனதல்ல, அணை போட்டதுதான். இதிலிருந்து இன்னொன்றும் விளங்கியது. நோய் இன்னதென்று தெரியுமுன்பே யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால், நிபுணரிடம் போகும் நாளில் வீக்கம் அடங்கி, காட்டுவதற்கே ஒன்றும் இல்லாமல் போகும். அப்படிப் போட்டிருந்தால் எந்த மருந்து, எந்தத் தேதி என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலோடு வந்தால் இந்தக் குறிப்பேடு, காத்திருப்பு எதுவும் வேண்டாம். அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறிப்பேட்டை நான் நிறுத்தவில்லை. தினமும் இல்லாமல், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மட்டும் அளந்தேன். ஸ்டீராய்டு நின்றதும் விறைப்பு 50 நிமிடத்துக்கு ஏறியது. அதைப் பார்த்து மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஆறு மாத்திரையாக்கினார்கள். நான்காவது மாதத்தில் 20 நிமிடம். ஆறாவது மாதத்தில் எழுந்த ஐந்தாறு நிமிடத்தில் நூல் ஊசிக்குள் போயிற்று. புறங்கையின் பள்ளங்கள் திரும்பி வந்தன. பிற்பகலில் ஆளைச் சாய்த்துவிடும் அந்தச் சோர்வு, நோயின் ஒரு பகுதி என்றே நான் அறியாதிருந்த சோர்வு, அதுவும் விலகியது.

எட்டாவது மாதத்தில் வலது கை மறுபடி வலிக்கத் தொடங்கியது. நோய் திரும்பிவிட்டது, மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். மருத்துவர் முதலில் கேட்டது: "காலையில் நூல் எப்போது கோக்கிறீர்கள்?" ஐந்து நிமிடத்தில் என்றேன். "எங்கே வலிக்கிறது, எப்போது?" கட்டைவிரல் அடியில், இரவில், ஆர்டர் அதிகம் வந்த வாரத்தில் கத்தரிக்கோலை விடவே இல்லை என்றேன். அடிக்கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மெத்தென்று எதுவும் இல்லை, வலியும் இல்லை. கட்டைவிரலின் அடியைப் பிடித்து லேசாக அழுத்திச் சுழற்றியபோது நறநறவென்றது, வலித்தது.

"இது பழைய தேய்மானம். உங்கள் முதல் மருத்துவர் பார்த்த அதே மூட்டு. மெத்தோட்ரெக்சேட் இதைத் தொடாது, கூட்டினால் பக்கவிளைவுதான் மிஞ்சும்" என்றார். கட்டைவிரலின் அடியைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பட்டை, பருத்த கைப்பிடியுள்ள, தானாகத் திறந்துகொள்ளும் கத்தரிக்கோல், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வெட்டுவதை நிறுத்திக் கைக்கு ஓய்வு. அந்த மூட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். வெட்டும்போது பட்டையைக் கட்டிக்கொள்கிறேன், தைக்கும்போது கழற்றிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள் ஆறு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.